வானத்தின் நீலமும் அந்தியின் சிவப்பும்: விஞ்ஞான தினத்துக்கு ஒரு பேச்சு

கேள்வி: சேர், நான் தரம் 9 படிக்கிறேன், ஊர் பெரியகல்லாறு. பள்ளிக்கூட விஞ்ஞான தினத்தில் வானம் ஏன் நீலம், சூரியன் மறையும்போது ஏன் சிவப்பு என்று நாலு நிமிஷம் பேச வேண்டும். நீலம் கூடுதலாகச் சிதறும் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் பின்னேரம் சிவப்பு கூடுதலாகச் சிதறுகிறதா? பேச்சை எழுதித் தருவீர்களா? மேடையில் ஏதாவது செய்து காட்டவும் முடியுமா?

பதில்:

இல்லை மகள், பின்னேரம் சிவப்பு கூடுதலாகச் சிதறுவதில்லை. காலையோ நடுப்பகலோ அந்தியோ, காற்று எந்த நேரமும் நீலத்தைத்தான் கூடுதலாகச் சிதறடிக்கிறது. அந்தியில் சிவப்பு கூடவில்லை, நீலம் தீர்ந்துவிட்டது. பேச்சில் வேறு எது விடுபட்டாலும் இது விடுபடக் கூடாது. நான் கேட்ட பள்ளிக்கூடப் பேச்சுகளில் பாதி, "பகலில் நீலம் சிதறுகிறது, மாலையில் சிவப்பு சிதறுகிறது" என்று இரண்டையும் இரண்டு வேறு விஷயம் போலச் சொல்லி முடித்துவிடும். நடப்பது ஒன்றுதான். ஒளி காற்றுக்குள் கடந்து வரும் தூரம் மட்டும்தான் மாறுகிறது.

பேச்சு கீழே இருக்கிறது. ஆனால் மேடையில் நின்று மனப்பாடமாக ஒப்புவிப்பதை விட, விஷயம் விளங்கிப் பேசினால் யார் என்ன கேட்டாலும் தடுமாற மாட்டீர்கள். அதனால் முதலில் விஷயத்தைப் பார்ப்போம்.

சூரிய ஒளியில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. நிறத்துக்கு நிறம் அலைநீளம் வேறு. நீலம் ஏறத்தாழ 450 நனோமீற்றர், சிவப்பு 650 நனோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் பெரும்பகுதி நைதரசன் மூலக்கூறும் ஒட்சிசன் மூலக்கூறும். இவை ஒளியின் அலைநீளத்தை விட ஆயிரம் மடங்களவு சின்னவை. ஒளி வந்து படும்போது மூலக்கூறில் உள்ள இலத்திரன்கள் அந்த ஒளியின் அதிர்வு வேகத்துக்கு ஏற்ப அதிர்கின்றன. அப்படி அதிரும்போது வாங்கிய ஒளியில் கொஞ்சத்தை நாலா பக்கமும் வீசுகின்றன. அதிர்வு எவ்வளவு வேகமோ அவ்வளவுக்கு வீச்சும் பலம். நீல ஒளியின் அதிர்வு சிவப்பை விட வேகம். அதனால் நீலம்தான் அதிகம் வீசப்படுகிறது.

எவ்வளவு அதிகம் என்பதை 1871 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோன் வில்லியம் ஸ்ட்ரட் என்பவர் கணக்கிட்டார். பிற்காலத்தில் ரேலி பிரபு என்ற பெயரில் அறியப்பட்டவர் இவர்தான். சிதறல் அலைநீளத்தின் நாலாம் அடுக்குக்கு நேர்மாறு விகிதத்தில் இருக்கும் என்பது அவர் கண்ட விதி. நாலாம் அடுக்கு என்பதால் சின்ன வித்தியாசமும் பெரிதாகிவிடும். 650 ஐ 450 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.444. அந்த எண்ணை நாலு தரம் எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் ஏறத்தாழ 4.35. அதாவது நீலம் சிவப்பை விட நாலு மடங்குக்கும் சற்றுக் கூடுதலாகச் சிதறுகிறது. கல்குலேட்டரில் நீங்களே ஒருக்கால் போட்டுப் பாருங்கள். தானே போட்டுப் பார்த்த கணக்கு மேடையில் மறக்காது.

இனி அந்தி. சூரியன் உச்சியில் இருக்கும்போது ஒளி வளிமண்டலத்தை நேராகத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. அதுதான் மிகக் குறைந்த தூரம். சூரியன் அடிவானத்தைத் தொடும்போது அதே ஒளி வளிமண்டலத்துக்குள் சாய்வாக, நிலத்தை ஒட்டியபடி வருகிறது. அப்போது அது கடக்கும் காற்றின் அளவு உச்சி நேரத்தைப் போல ஏறத்தாழ 38 மடங்கு. இந்த 38 மடங்கு என்ன செய்துவிடுகிறது என்பதைக் கணக்கில் பார்த்தால்தான் அந்தி விளங்கும்.

தூசு துளியும் இல்லாத சுத்தமான காற்று என்று வைத்துக்கொள்வோம். உச்சிச் சூரியனிலிருந்து 10,000 நீல ஒளித் துணிக்கைகளும் 10,000 சிவப்பு ஒளித் துணிக்கைகளும் புறப்படுகின்றன. நீலத்தில் ஏறத்தாழ 8,000 நேராக நிலத்துக்கு வந்து சேரும், 2,000 வழியில் சிதறும். சிவப்பில் 9,500 வந்து சேரும், 500 தான் சிதறும். சிதறிய 2,000 நீலமும் 500 சிவப்பும்தான் நாம் பார்க்கும் வானம். அதில் நீலம் ஓங்கி நிற்கிறது. நேராக வந்த ஒளியில் இரண்டும் போதிய அளவு இருப்பதால் உச்சிச் சூரியன் வெள்ளையாகத் தெரிகிறது.

அதே 10,000 அந்தியில் வந்தால்? நீலத்தில் நம் கண்ணுக்கு நேராக வந்து சேர்வது இரண்டே இரண்டு. சிவப்பில் ஏறத்தாழ 1,400. தூரம் 38 மடங்கானதும் இழப்பும் வெறும் 38 மடங்காகும் என்றுதான் முதலில் தோன்றும். அப்படியல்ல. உச்சி நேரத்தில் கடக்கும் காற்றின் அளவை ஒரு கட்டம் என்று வைத்தால், ஒவ்வொரு கட்டத்திலும் மிச்சம் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு நீலம் போகிறது, அடுத்த கட்டத்தில் மிஞ்சியதில் ஐந்தில் ஒன்று, பிறகு அதில் மிஞ்சியதில் ஐந்தில் ஒன்று. இப்படி 38 தரம் போனால் கையில் ஒன்றும் நிற்காது. சிவப்போ ஒவ்வொரு கட்டத்திலும் இருபதில் ஒன்றைத்தான் இழக்கிறது. அதனால் தாக்குப்பிடித்து வந்து சேர்கிறது. அடிவானத்து முகில்கள் சிவப்பதும் இதனால்தான். நீலத்தை இழந்து வந்த ஒளி அவற்றில் பட்டுத் தெறிக்கிறது.

இந்தப் பகுதியை மேடையில் இலக்கத்தோடு விளக்கப் போனால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் கவனம் கலைந்துவிடுவார்கள். அதனால் பேச்சில் பஸ் ஒன்றை உதாரணமாக வைத்திருக்கிறேன். இலக்கம் உங்களுக்கு, பஸ் அவர்களுக்கு.

பேச்சு இதோ:

"மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, ஆசிரியர்களே, நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நம்மில் கனபேருக்கு வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில். விடியக் கடற்கரைக்குப் போனால் சூரியன் கடலுக்குள்ளிருந்து சிவப்பாக எழும்புகிறது. பின்னேரம் வாவிக்கரைக்குப் போனால் படுவான்கரைப் பக்கம் அது சிவப்பாக இறங்குகிறது. நடுவில் பகல் முழுக்க வானம் நீலம். ஒரே சூரியன், ஒரே காற்று. அப்படியென்றால் இந்த இரண்டு நிறமும் எங்கிருந்து வருகின்றன?

சூரிய ஒளி வெள்ளையாகத் தெரிந்தாலும் அதற்குள் வானவில்லின் எல்லா நிறமும் இருக்கிறது. அந்த ஒளி காற்றில் உள்ள நைதரசன், ஒட்சிசன் மூலக்கூறுகளில் படும்போது கொஞ்சம் நாலா பக்கமும் சிதறுகிறது. எல்லா நிறமும் ஒரே அளவு சிதறுவதில்லை. அலைநீளம் குறைந்த நீலம், சிவப்பை விட நாலு மடங்குக்கு மேல் சிதறுகிறது. வானத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் இப்படிச் சிதறிய நீலம் நம் கண்ணுக்கு வருகிறது. நாம் வானம் என்று சொல்வது அந்த நீலத்தைத்தான்.

சரி, பின்னேரம் என்ன நடக்கிறது? அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு பஸ் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிப்பேர் நீலச் சட்டை, பாதிப்பேர் சிவப்புச் சட்டை. நீலச் சட்டைக்காரர்கள் ஒவ்வொரு தரிப்பிலும் கொஞ்சப்பேர் இறங்குகிறார்கள். சிவப்புச் சட்டைக்காரர்கள் அங்கொன்று இங்கொன்றாகத்தான் இறங்குகிறார்கள். நிந்தவூரில் அந்த பஸ்ஸை நிறுத்திப் பார்த்தால் இரண்டு நிறமும் இருக்கும். கல்முனை, களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி, காத்தான்குடி எல்லாம் தாண்டி மட்டக்களப்பில் நிறுத்திப் பார்த்தால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் சிவப்புச் சட்டை.

நடுப்பகல் சூரியனின் ஒளி நிந்தவூரில் நின்ற பஸ். அது காற்றுக்குள் வந்த தூரம் குறைவு. அந்திச் சூரியனின் ஒளி மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்த பஸ். அது கடந்து வந்த காற்று 38 மடங்கு. வழியெல்லாம் நீலத்தை இறக்கிவிட்டு, மிஞ்சிய சிவப்போடு நம்மிடம் வருகிறது.

இறங்கிய நீலம் எங்கே போனது? வீணாகப் போகவில்லை. நமக்குச் சூரியன் மறையும் நேரம் நமக்கு மேற்கே இன்னும் பகல். நம்மிடம் வரும் அந்த ஒளி, மேற்குக் கடலுக்கும் இலங்கைத் தீவுக்கும் மேலே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் காற்றைக் கடந்து வருகிறது. அது வழியில் இறக்கிவிட்ட நீலம், அங்கே நிற்பவர்களுக்கு வானத்தின் நீலம். நாம் பார்க்கும் சிவப்பும் அவர்கள் பார்க்கும் நீலமும் ஒரே ஒளியின் இரண்டு பங்குகள்.

இதை இப்போது இந்தத் தொட்டியில் செய்து காட்டுகிறேன்."

இதை அவசரப்படாமல் வாசித்தால் மூன்று நிமிஷத்துக்குள் முடியும். மிச்ச நேரம் தொட்டிக்கு. கடைசிப் பந்திக்கு முந்திய பந்தியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காரும் இடம் அதுதான். நேரம் போதாவிட்டால் தொடக்கத்தில் கடற்கரையைப் பற்றிச் சொல்வதைச் சுருக்குங்கள்.

இனித் தொட்டி. கண்ணாடி மீன் தொட்டி ஒன்று எடுங்கள், நீளம் ஓர் அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். கிளாஸில் செய்தால் ஒளி போகும் தூரம் போதாது, சிவப்பு வராது. தொட்டியில் தெளிந்த தண்ணீர் நிரப்புங்கள். ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் கால் தேக்கரண்டி பால்மா கரைத்துத் தனியே வையுங்கள். கொழுப்பு நீக்கிய பால்மா கிடைத்தால் நல்லது. பாலில் உள்ள கொழுப்புத் துளிகள் பெரியவை, அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சிதறடித்துவிடும். நமக்கு வேண்டியது அதை விடச் சின்னத் துணிக்கைகளான பால் புரதம்.

தொட்டியின் ஒடுங்கிய பக்கத்தில் டோர்ச் லைட்டை வைத்து, மறு பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். பின்னால் கறுப்புத் துணி தொங்கட்டும். மண்டபத்தின் லைட்டை அணைத்து, யன்னலையும் சாத்தச் சொல்லுங்கள். இப்போது பால் கரைசலை ஒரு தேக்கரண்டி விட்டுக் கலக்குங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. இன்னொன்று விடுங்கள். தண்ணீருக்குள் ஒளி ஒரு கோடாகத் தெரியத் தொடங்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் டோர்ச்சுக்குக் கிட்ட அந்தக் கோடு இலேசான நீலச் சாயலில், புகை மாதிரி இருக்கும். தாளில் விழும் வட்டம் வெள்ளையிலிருந்து மஞ்சளாகும். இன்னும் ஒன்றிரண்டு கரண்டி விட்டால் செம்மஞ்சளாகும். அங்கே நிறுத்துங்கள்.

அதற்கு மேல் விட்டால் தொட்டி முழுக்க வெள்ளையாகி எல்லாம் கெட்டுவிடும். ஒரு துணிக்கையில் பட்டுச் சிதறிய ஒளி இன்னொன்றில், பிறகு இன்னொன்றில் என்று திரும்பத் திரும்பச் சிதறி எல்லா நிறமும் மறுபடி கலந்துவிடுகிறது, அதுதான் காரணம். அப்படியே நடந்துவிட்டாலும் பதறாதீர்கள். முகில் வெள்ளையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்லிச் சமாளிக்கலாம், அது உண்மையும்தான். முகிலில் உள்ள நீர்த்துளிகளும் ஒளியின் அலைநீளத்தை விட எவ்வளவோ பெரியவை, எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிப்பவை.

டோர்ச் விஷயத்தில் ஒரு கவனம். இப்போதைய எல்.ஈ.டி. டோர்ச்சின் ஒளியில் நீலம் தாராளமாக இருக்கிறது, அது நல்லது. பழைய குமிழ் டோர்ச்சின் ஒளியே மஞ்சள், நீலம் குறைவு, பக்கவாட்டில் சாயல் எடுபடாது. பின் வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று போன் கமராவில் பிடித்துத் திரையில் காட்டினால், போன் தானாகவே நிறத்தைச் சமப்படுத்தி நீலத்தையும் மஞ்சளையும் அழித்துவிடக்கூடும். கமராவில் நிற அமைப்பைத் தானியங்கியிலிருந்து மாற்றி வெயில் அமைப்பில் நிறுத்திவிட்டுப் பிடியுங்கள். முதல் நாள் பின்னேரம் அதே மண்டபத்தில் ஒரு தரம் செய்து பார்த்து, எத்தனை கரண்டி விட்டால் செம்மஞ்சள் வருகிறது என்று எழுதி வைத்துவிடுங்கள்.

நடுவர்கள் கேட்கக்கூடிய இரண்டு கேள்விகளுக்கு ஆயத்தமாக இருங்கள்.

ஒன்று, ஊதாவின் அலைநீளம் நீலத்தை விடக் குறைவு, அப்படியென்றால் வானம் ஏன் ஊதாவாக இல்லை? நல்ல கேள்வி. ஊதா உண்மையிலேயே நீலத்தை விடக் கூடுதலாகத்தான் சிதறுகிறது. ஆனால் சூரிய ஒளியில் ஊதாவின் பங்கு நீலத்தை விடக் குறைவு. நம் கண்ணும் ஊதாவை மங்கலாகத்தான் உணரும். வானத்திலிருந்து வருவது தனி ஒரு நிறமும் அல்ல, நீலம் தூக்கலாக உள்ள கலவை. அந்தக் கலவையைக் கண்ணில் உள்ள மூன்று வகைக் கூம்புக் கலங்களும் சேர்ந்து வெளிர் நீலமாகத்தான் மூளைக்குச் சொல்கின்றன. பதிலில் பாதி வானத்தில், பாதி நம் கண்ணில்.

மற்றது, கடலின் நீலம்தான் வானத்தில் தெரிகிறதா? கடற்கரை ஊர்களில் இதை நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடலிலிருந்து எவ்வளவோ தள்ளி இருக்கும் மகா ஓயாவிலும் வானம் அதே நீலம்தான் என்று சொன்னாலே போதும். ஆனால் இதன் மறுபக்கம் சுவையானது. கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் நீலம் அதில் பிரதிபலிப்பதால்தான் என்று ரேலி பிரபுவே நம்பினார். 1921 இல் சி. வி. ராமன் ஐரோப்பாவுக்குப் போய்க் கப்பலில் திரும்பும்போது, நீர்ப்பரப்பில் தெறித்து வரும் ஒளியை ஒரு பட்டகத்தால் தடுத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகத்தான் இருந்தது. கடலுக்குத் தனக்கென்று ஒரு நீலம் உண்டு, அதில் நீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது இன்று தெரிந்த விஷயம். ஒளிச் சிதறலில் தொடர்ந்து வேலை செய்த ராமனுக்கு 1930 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதோடு சேர்த்து, தூசுதான் அந்தியைச் சிவப்பாக்குகிறது என்று யாராவது சொன்னால் முழுக்கத் தலையாட்டிவிடாதீர்கள். தூசே இல்லாவிட்டாலும் சூரியன் சிவந்துதான் மறையும், மேலே போட்ட கணக்கு சுத்தமான காற்றுக்குத்தான். மிக நுண்ணிய தூசு அந்தச் சிவப்பை இன்னும் ஏற்றும். 1883 இல் கிரகடோவா எரிமலை வெடித்த பிறகு உலகத்தின் பல பாகங்களில் மாதக்கணக்கில் கடும் சிவப்பு அந்திகள் தெரிந்தன. பெரிய துணிக்கைகள் உள்ள புகை அப்படியல்ல, அது வானத்தை வெளிற வைத்துவிடும். வெள்ளாமை வெட்டு முடிந்து வைக்கோல் கொளுத்தும் நாளில் வயல் பக்கம் பாருங்கள், சூரியன் மங்கிய சிவப்பு வட்டமாக இருக்கும், சுற்றியுள்ள வானம் சாம்பல் பூத்திருக்கும். மாரி மழை கழுவிவிட்ட அடுத்த நாள் பாருங்கள், நடுவானம் கடும் நீலமாக இருக்கும். இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் நடுவர்களுக்குக் காட்டலாம். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், போனையும் நேராக நீட்ட வேண்டாம். அந்திச் சூரியனும் கண்ணுக்கு ஆபத்துத்தான். பக்கத்து வானத்தை எடுத்தால் போதும்.